ஏற மறுத்த பொட்டாசியம்: சிறுநீரக நொதி ஒன்று முடங்கியதைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து வந்தவர். வயது 64. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. என இரண்டே மாத்திரையில் பல வருடங்களாக நல்ல கட்டுப்பாட்டில் இருந்தவர். பழைய சீட்டுகளையெல்லாம் மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றைப் புரட்டினால் ரத்த அழுத்தம் எப்போதும் 130/80ஐ ஒட்டியே இருந்தது. ஆள் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன். ஆச்சி என்றே எழுதுகிறேன். வார்டிலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அவர் சொன்ன முதல் குறை, படி ஏற முடியவில்லை என்பது. செட்டிநாட்டு வீட்டு வாசலை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு தெளிவான குறிப்பு என்று புரியும். தெருவிலிருந்து திண்ணைக்கு உயரமான படிகள், அப்புறம் நிலையைத் தாண்ட ஒரு எட்டு. நடக்கும்போது பெரிதாகத் தெரியாத தொடைத் தளர்ச்சி அந்த இடத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மூன்று வாரமாகச் சுவரைப் பிடித்துத்தான் ஏறுகிறார். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். கையில் பிடிமானம் இருக்கிறது, பேச்சு குழறவில்லை, விழுங்குவதில் சிரமமில்லை. இடுப்பு, தொடைத் தசைகள் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தளர்ந்திருந்தன.

இரண்டாவது குறையை மருமகள்தான் சொன்னார். ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். சர்க்கரை கூடியிருக்கும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது விஷயம் சீட்டுகளில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ரத்த அழுத்தம் 160ஐத் தொட்டிருக்கிறது. வேறொரு இடத்தில் காட்டியபோது தயசைடு வகை நீர்ப்போக்கு மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயசைடு 25 மி.கி. சேர்த்திருக்கிறார்கள். சரியான, வழக்கமான முடிவுதான். ஆனால் அழுத்தம் இறங்கவில்லை. எங்களிடம் வந்த அன்று 182/100.

முதல் நாள் கணக்கு

ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 2.3 மில்லி ஈக்விவலன்ட் (இயல்பு 3.5 முதல் 5 வரை). சோடியம் 145. பைகார்பனேட் 34, அதாவது ரத்தம் காரப் பக்கம் சாய்ந்திருக்கிறது. கிரியாட்டினின் 0.9, சர்க்கரை 168. தசை சிதைவைக் காட்டும் சிபிகே 1,140. தொடைத் தளர்ச்சிக்கு விளக்கம் அதிலேயே இருந்தது. இசிஜியில் டி அலை தட்டையாகி, அதன் பின்னால் யு அலை தெளிவாக எழுந்து நின்றது. பொட்டாசியம் இவ்வளவு இறங்கினால் சிறுநீரைக் கெட்டிப்படுத்தும் திறனைச் சிறுநீரகம் இழந்துவிடும். ராத்திரி எழுந்திருப்பதற்குக் காரணம் அதுதான், சர்க்கரை அல்ல.

இந்த இடத்தில் எந்த மருத்துவருக்கும் தோன்றும் முதல் விடை தயசைடு. அந்த மாத்திரை பொட்டாசியத்தை இறக்கும், பைகார்பனேட்டை ஏற்றும். மாத்திரையை நிறுத்து, பொட்டாசியம் கொடு, வீட்டுக்கு அனுப்பு. நாங்களும் அன்றே தயசைடை நிறுத்தினோம். ஆனால் இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, அழுத்தம் ஏறியது அந்த மாத்திரைக்கு முன்னாலேயே. இரண்டு, தயசைடு மட்டுமே காரணம் என்றால் உடம்பில் உப்பும் நீரும் குறைந்து அழுத்தம் இறங்க வேண்டும், சோடியமும் தாழ்வுப் பக்கம் போயிருக்க வேண்டும். இங்கே அழுத்தமும் ஏறி, சோடியமும் மேல்விளிம்பில் நிற்கிறது.

பொட்டாசியம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க, ஒரு வேளைச் சிறுநீரே போதும். சிறுநீரில் பொட்டாசியம் 42, கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 60 மி.கி. வகுத்தால் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 70 வருகிறது. ரத்தத்தில் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஒழுங்கான சிறுநீரகம் 13க்கும் கீழே இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஆக, வயிற்றுப்போக்கோ சரியாகச் சாப்பிடாததோ காரணமில்லை. ஓட்டை சிறுநீரகத்தில்தான்.

நரம்பு வழியாகவும் வாய் வழியாகவும் பொட்டாசியம் குளோரைடு கொடுத்தோம். மெக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியம் தங்காது என்பதால் அதையும் பார்த்துச் சரிசெய்தோம். இரண்டாம் நாள் 2.7. மூன்றாம் நாள் 2.6. நான்காம் நாளும் 2.6. தயசைடின் வேலை அடங்கியிருக்க வேண்டிய நேரத்தில், இவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை என்றால், வேறு ஏதோ ஒன்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ரெனினும் ஆல்டோஸ்டிரோனும்

ரத்த அழுத்தம் அதிகம், பொட்டாசியம் குறைவு, சிறுநீரில் இழப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் அட்ரினல் சுரப்பி, உப்பைப் பிடித்து வைக்கச் சிறுநீரகத்தை ஏவும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் ஆல்டோஸ்டிரோன் தூக்கலாக இருக்கும்; உடம்பில் உப்பு குறையும்போது சிறுநீரகம் சுரந்து ஆல்டோஸ்டிரோனைத் தூண்டும் ரெனின் ஒடுங்கியிருக்கும். நான்காம் நாள் காலை ரத்தம் எடுத்தோம்.

ஆல்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 1.6 நானோகிராம். அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். ரெனின் செயல்பாடு 0.1, கருவி அளக்கும் கீழ் விளிம்பு.

இதைப் படிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பொட்டாசியம் குறைந்திருந்தால் அதுவே ஆல்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைக்கும். அதனால் 2.6இல் எடுத்த ஆல்டோஸ்டிரோன் அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ரெனின் விஷயம் அப்படியல்ல. பொட்டாசியக் குறைவு ரெனினை ஏற்றும் பக்கமே தள்ளும். தயசைடும் ஏற்றும், அம்லோடிபினும் கொஞ்சம் ஏற்றும். ஏற்றுவதற்கு இத்தனை காரணம் இருந்தும் ரெனின் தரைமட்டத்தில் கிடக்கிறது என்றால், உடம்பில் உப்பு நிரம்பி வழிகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். மருந்துகளை நிறுத்தி வாரக்கணக்கில் காத்திருந்துதான் ரெனின் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் பிழை எந்தத் திசையில் வரும் என்று தெரிந்தால், இப்படிப்பட்ட நேரத்தில் காத்திராமலே முடிவைப் படிக்கலாம்.

ஆக, ஆல்டோஸ்டிரோனின் வேலை முழு வேகத்தில் நடக்கிறது, ஆல்டோஸ்டிரோன் இல்லை. அந்த வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் காலை 8 மணிக்கு 13, இயல்பு. ராத்திரி ஒரு மி.கி. டெக்ஸாமெத்தசோன் கொடுத்து மறுநாள் பார்த்தபோது 1.1க்கு ஒடுங்கியது. கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயும் இல்லை.

ஏற்பிக்கு ஆள் தெரியாது

இங்கேதான் அந்த நொதி வருகிறது. முழுப்பெயர் 11-பீட்டா ஹைட்ராக்சிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ், வகை 2. இந்தக் கட்டுரைக்கு 'வகை 2 நொதி' என்றால் போதும்.

சிறுநீரக நுண்குழாயின் கடைசிப் பகுதியில், சோடியத்தைத் திரும்ப உள்ளே இழுத்துப் பொட்டாசியத்தை வெளியே விடும் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஆல்டோஸ்டிரோன் வந்து பொருந்தும் ஏற்பி ஒன்று உண்டு. 1987இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தபோது சங்கடமான ஓர் உண்மை தெரிந்தது. அந்த ஏற்பி ஆல்டோஸ்டிரோனை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ, கார்டிசாலையும் அதே இறுக்கத்தோடு பிடிக்கிறது. ஒரே பூட்டு, இரண்டு சாவியும் பொருந்துகின்றன. ரத்தத்தில் கார்டிசாலோ ஆல்டோஸ்டிரோனைப் போலப் பல நூறு மடங்கு. புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரிவதை மட்டும் எடுத்தாலும் ஏறக்குறைய நூறு மடங்கு. கணக்குப்படி பார்த்தால் ஆல்டோஸ்டிரோனுக்கு இடமே கிடைக்கக் கூடாது. எல்லோருக்கும் பிறந்ததிலிருந்தே ரத்த அழுத்தம் இருக்க வேண்டும்.

அப்படி ஆகாததற்கான காரணத்தை 1988இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஆஸ்திரேலியாவில் ஃபண்டரின் குழு, எடின்பரோவில் எட்வர்ட்ஸின் குழு. ஏற்பி இருக்கும் அதே செல்லுக்குள் வகை 2 நொதியும் இருக்கிறது. உள்ளே நுழையும் கார்டிசாலை அது கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. மூலக்கூறின் 11ஆம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சில் கீட்டோனாகிறது, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் கார்டிசோன் அந்த ஏற்பியில் பொருந்தாது. சாவியின் பல்லை ராவிவிட்டாற்போல. ஆல்டோஸ்டிரோனுக்கும் 11ஆம் இடத்தில் ஹைட்ராக்சில் உண்டு. ஆனால் அது பக்கத்திலிருக்கும் ஆல்டிஹைடோடு வளைந்து பிணைந்து தன்னை மூடிக்கொள்வதால் நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. ஆகவே அது மட்டும் முழுசாக உள்ளே போய்ச் சேர்கிறது.

இந்தப் பாதுகாப்பு முழுமையானதா என்பதில் ஒரு விவாதம் இருக்கிறது. நொதி பெரும்பகுதியை மாற்றினாலும், மிஞ்சும் கார்டிசாலே ஆல்டோஸ்டிரோனைவிட அதிகம் என்கிறார் ஃபண்டர். அதனால் ஏற்பியில் கார்டிசால் உட்கார்ந்திருந்தாலும் அதை வேலை செய்ய விடாமல், நொதி இயங்கும்போது செல்லுக்குள் உண்டாகும் வேதிச் சூழல் அடக்கி வைக்கிறது என்பது அவர் கருத்து. எந்த விளக்கம் சரியானாலும் நோயாளிக்கு விளைவு ஒன்றுதான்: நொதி நின்றால் கார்டிசால் ஆல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும்.

இந்த நொதி சிறுநீரகத்தில் மட்டுமல்ல, பெருங்குடலிலும் வியர்வை, உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் உண்டு. உப்பைக் கையாளும் இடங்கள் இவை. நஞ்சுக்கொடியிலும் உண்டு. அங்கே அதன் வேலை வேறு: தாயின் கார்டிசால் கருவுக்கு அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது.

ரத்தக் கார்டிசால் ஏன் 13ஆக இயல்பாக இருந்தது என்ற கேள்வி வரும். நொதி நின்றால் கார்டிசால் கழிவது தாமதமாகும், உண்மைதான். ஆனால் மூளையடிச் சுரப்பி அதை உணர்ந்து உற்பத்தியைக் குறைத்துவிடும். ரத்தத்தில் அளவு கூடுவதில்லை. கூடுவது சிறுநீரகச் செல்லுக்குள், அந்த ஏற்பியின் பக்கத்தில் மட்டும். அதனால்தான் ஆச்சிக்கு முகம் உப்பவில்லை, தோல் மெலியவில்லை. ரத்தக் கார்டிசால் பரிசோதனை இந்த நோயைக் காட்டிக்கொடுக்காது.

ஃபிளாஸ்க்

ரெனினும் இல்லை, ஆல்டோஸ்டிரோனும் இல்லை என்று வந்தால் காரணங்களின் பட்டியல் குட்டையானது. சோடியம் வாசலே பழுதாகித் திறந்தபடி இருக்கும் லிடில் நோய். வகை 2 நொதி பிறவியிலேயே இல்லாத நிலை. ஆல்டோஸ்டிரோனுக்கு முந்தைய ஸ்டீராய்டு குவியும் அட்ரினல் கோளாறுகள். போசகொனசோல், இட்ராகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகள். அப்புறம் அதிமதுரம். பிறவிக் காரணங்கள் 64 வயதுவரை, அதுவும் ஒற்றை மாத்திரைக்கு அடங்கி, பொறுமையாகக் காத்திருப்பது அபூர்வம். இரண்டு மூன்று மாதத்துக்குள் புதிதாக ஏதோ நுழைந்திருக்கிறது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா ஆச்சி? நாட்டு மருந்து, லேகியம், கஷாயம்?" என்று சேர்த்த அன்றே கேட்டிருந்தோம். "ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். பொய் இல்லை. அவர் கணக்கில் அது மருந்தே இல்லை.

நான்காம் நாள் மாலை வார்டுச் சுற்றில், கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்று இருந்தது. வந்த நாளிலிருந்தே இருந்ததுதான். மருமகள் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார். சுக்கு, மல்லி வாசனை. சர்க்கரை நோயாளியாயிற்றே என்று, "கருப்பட்டி போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல டாக்டர். கருப்பட்டியும் சர்க்கரைதான்னு நிறுத்தி மூணு மாசமாச்சு. அதிமதுரப் பொடிதான் இனிப்புக்கு."

ஆச்சி முந்திக்கொண்டார். "அது வேர்தானே தம்பி. தொண்டைக்கும் நல்லது."

சாயங்காலம் வீட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்துவரச் சொன்னேன். மஞ்சள் கலந்த பழுப்பில் நார் தெரியும் பொடி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. கலப்படமெல்லாம் இல்லை, சுத்தமான அதிமதுரம். அதில் துளி நாக்கில் வைத்தால் சட்டென்று இனிக்காது. கொஞ்சம் தாமதமாக வந்து, தொண்டையில் வெகுநேரம் நிற்கும். அந்த இனிப்பைத் தருவது கிளைசிரைசிக் அமிலம் என்ற பொருள். சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பு. ஒரு ஃபிளாஸ்குக்கு இரண்டு தேக்கரண்டி, குவித்து. காலை ஒன்று, மாலை ஒன்று. கடைத் தராசில் போட்டுப் பார்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 10 கிராம். வேரில் கிளைசிரைசிக் அமிலம் சரக்குக்குச் சரக்கு பெரிதும் மாறும். நூற்றுக்கு நான்கு என்று மிதமாக வைத்தாலும் 400 மி.கி. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு தொடர்ந்து உண்பவர்களுக்குச் சொல்லும் மேல் வரம்பு நாளுக்கு 100 மி.கி. தண்ணீரில் எல்லாமே இறங்கியிருக்காது என்று தள்ளுபடி கொடுத்தாலும் வரம்பு தாண்டித்தான் இருக்கும். அவர் பொடியை வடிகட்டாமல் கலக்கிக் குடிப்பவர், தள்ளுபடியும் அதிகம் கிடையாது.

நாங்கள் ஒரு கையில் பொட்டாசியம் ஏற்ற, மறுபக்கம் ஃபிளாஸ்க் அதைச் சிறுநீரில் இறக்கிக்கொண்டிருந்தது. 2.6லேயே நின்றதன் ரகசியம் இதுதான்.

வேர் எப்படி நொதியைக் கட்டிப்போடுகிறது

கிளைசிரைசிக் அமிலம் அப்படியே உடம்பில் சேர்வது குறைவு. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதிலிருக்கும் சர்க்கரைப் பகுதியை வெட்டி கிளைசிரெட்டினிக் அமிலமாக்குகின்றன. அதுதான் ரத்தத்தில் ஏறுகிறது. அதன் வடிவம் ஸ்டீராய்டை ஒத்தது. வகை 2 நொதி கார்டிசாலைப் பிடிக்க வேண்டிய இடத்தில் இது போய் அடைத்துக்கொள்கிறது. அப்புறம் கல்லீரல் இதைப் பித்தத்தில் கழிக்க, குடல் பாக்டீரியா மறுபடி பிரிக்க, திரும்பவும் ரத்தத்துக்கு வருகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதால் நிறுத்திய பிறகும் உடனே ஓய்வதில்லை. மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு உறிஞ்சப்படும் அளவு கூடுவதும் இதனால்தான். ஆச்சிக்கு அதுவும் உண்டு.

இந்தத் தொடர்பு கண்டுபிடிக்கப்பட்ட கதை வேடிக்கையானது. 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தார். புண் ஆறியது, ஆனால் சிலருக்கு உடம்பில் நீர் கோத்து ரத்த அழுத்தம் ஏறியது. அதிமதுரமே ஆல்டோஸ்டிரோன் மாதிரி வேலை செய்கிறது போலும் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அட்ரினல் சுரப்பி செயலிழந்த நோயாளிகளுக்குக் கொடுத்தால் அது தனியாக ஒன்றும் செய்யவில்லை. கூடவே கார்டிசோன் கொடுத்தபோதுதான் வேலை செய்தது. அந்தக் கார்டிசோனைக் கல்லீரலில் உள்ள வகை 1 நொதி கார்டிசாலாக்கிவிடும் என்பதை நினைவில் வைத்தால் விடை கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் அது புரிய 1980கள் ஆயின.

ஆச்சிக்கு இவ்வளவு கடுமையாகப் போனதற்கு அதிமதுரம் மட்டும் காரணமில்லை என்பது என் கணிப்பு. பொட்டாசியம் வெளியேற வேண்டுமானால் நுண்குழாயின் கடைசிப் பகுதிக்குச் சோடியம் வந்து சேர வேண்டும். சோடியம் உள்ளே போகும்போது உண்டாகும் மின்னிழுப்பில்தான் பொட்டாசியம் வெளியே வருகிறது. தயசைடு என்ன செய்கிறது? மேலே ஒரு கட்டத்தில் சோடியத்தை உறிஞ்ச விடாமல் தடுத்து, கீழே நிறைய அனுப்பிவைக்கிறது. சாதாரணமாகவே அது பொட்டாசியத்தை இறக்கும். கீழே வாசல் முழுதாகத் திறந்து கிடக்கும் ஒருவருக்கு அது இழப்பைப் பல மடங்காக்கும். கூடவே சாப்பாட்டு உப்பு. தினமும் மோர் மிளகாய், வத்தல், ஊறுகாய் என்று மருமகள் அடுக்கினார். உப்பு குறைவாகச் சாப்பிடும் ஒருவர் இதே அளவு அதிமதுரத்தை இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கலாம்.

உறுதிசெய்தது

பொடியைக் கண்டதுமே நிறுத்திவிட்டோம். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும் என்று அன்று இரவிலிருந்தே 24 மணி நேரச் சிறுநீர் சேர்த்து சென்னைக்கு அனுப்பினோம். கேட்டது, சிறுநீரில் தனிக் கார்டிசாலும் தனிக் கார்டிசோனும் எவ்வளவு, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில். சாதாரண ஆளுக்குச் சிறுநீரில் கார்டிசோன்தான் கார்டிசாலைவிட அதிகம் இருக்கும். சிறுநீரகத்தில் நொதி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆச்சிக்குக் கணக்கு தலைகீழ்: கார்டிசால் கார்டிசோனைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முடிவு வந்தபோது அவர் வீட்டுக்குப் போய் நாளாகியிருந்தது.

இந்தப் பரிசோதனையை எல்லோருக்கும் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். செலவு அதிகம், சிறு ஊர்களில் கிடைக்காது. ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் சேர்ந்தே ஒடுங்கி, அதிமதுரம் தின்ற கதையும் கையிலிருந்து, நிறுத்தியதும் சரியாகிறது என்றால் அதுவே போதுமான சான்று. அதிமதுரக் கதை கிடைக்காதபோதுதான் இது அவசியமாகிறது. முக்கியமாக, குழந்தைகளில்.

குழந்தைகளில் என்று சொன்னதற்குக் காரணம் இந்த நொதியின் பிறவிக் குறை. 16ஆம் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும், சரியாக வளராது, ஓயாமல் தாகமும் சிறுநீரும், சின்ன வயதிலேயே கடும் ரத்த அழுத்தம், சிலருக்குப் பக்கவாதம்கூட. உலக அளவில் மிக அபூர்வம். ஆனால் நெருங்கிய சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய குறைகள் தலைகாட்டும் வாய்ப்பு கூடுதல். தாய்மாமன், அத்தை மகன் உறவு நம் பக்கம் சகஜம் என்பதால், அழுத்தம் ஏறிய குழந்தைக்குப் பொட்டாசியமும் குறைந்திருந்தால், பெற்றோர் உறவா என்று கேட்பது ஒரு பரிசோதனைக்குச் சமம். அதற்கும் மருத்துவம் உண்டு: ஏற்பியை மறிக்கும் ஸ்பைரனோலாக்டோன், அல்லது அட்ரினலின் கார்டிசாலை ஒடுக்கி வைக்கும் டெக்ஸாமெத்தசோன். டெக்ஸாமெத்தசோன் அந்த ஏற்பியை அதிகம் தீண்டாது என்பதால் அது பொருந்துகிறது. சிறுநீரக மாற்று அறுவையோடு நோயே நீங்கியவர்களும் உண்டு. புதிய சிறுநீரகம் நொதியையும் கொண்டுவந்துவிடுகிறது.

போக்கு

ஃபிளாஸ்க் நின்ற மறுநாளே ஸ்பைரனோலாக்டோன் 50 மி.கி. தொடங்கினோம். கார்டிசால் போய் ஒட்டும் ஏற்பியையே அது மறிக்கிறது, ஆகவே நொதி மீளும்வரை நேரடியான மாற்று அதுதான். வாய் வழிப் பொட்டாசியக் கரைசலை 15 மி.லி. வீதம் தொடர்ந்தோம், ஒரு வேளைக்கு 20 மில்லி ஈக்விவலன்ட். அடுத்த இரண்டாம் நாள் 3.1, நான்காம் நாள் 3.8. அன்றே கரைசலை நிறுத்திவிட்டோம். ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியமும் ஒன்றாக ஓடினால் எதிர்ப்பக்கம் சாய எவ்வளவு நேரமாகும்? அதிலும் இவரது சொந்த ஆல்டோஸ்டிரோன் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. மாதக்கணக்கில் வேலையில்லாமல் கிடந்த ரெனின், ஆல்டோஸ்டிரோன் வரிசை ஒரே நாளில் எழுந்துவிடாது. வாரக்கணக்கில், சிலருக்கு அதைவிட நீளமாகவும் ஆகும். அந்த இடைவெளியில் ஸ்பைரனோலாக்டோன் நீண்டால் பொட்டாசியம் ஆபத்தாக ஏறிவிடும்.

இரண்டாம் வாரம் பொட்டாசியம் 4.5, அழுத்தம் 138/84, சிபிகே இயல்பு. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். திண்ணைப் படியைச் சுவர் பிடிக்காமல் ஏறுவதாக மருமகள் சொன்னார். நான்காம் வாரம் பொட்டாசியம் 4.9ஐத் தொட்டதும் ஸ்பைரனோலாக்டோனை நிறுத்தினோம். தயசைடைத் திரும்பச் சேர்க்கவில்லை. பத்தாம் வாரம் அம்லோடிபின் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, மறுபடி எடுத்த ரெனின் 1.1, ஆல்டோஸ்டிரோன் 8. சிறுநீரில் கார்டிசோன் பழையபடி கார்டிசாலைத் தாண்டியிருந்தது.

அதிமதுரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. தொண்டைக் கமறலுக்கு நாலு நாள் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் இப்படி ஆகாது. நாளுக்குப் பல கிராம், மாதக்கணக்கில், ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருப்பவருக்கு என்று மூன்றும் சேரும்போதுதான் சிக்கல். ஆச்சியின் சீட்டில் 'அதிமதுரம் கூடாது' என்று எழுதியதோடு, அடைப்பில் இன்னும் சில பெயர்களையும் எழுதினேன்: யஷ்டிமது, முலேட்டி, கிளைசிரைசா கிளாப்ரா. கடையில் கிடைக்கும் இருமல் மருந்து, மாத்திரை டப்பாக்களில் இந்தப் பெயர்களில்தான் அச்சடித்திருப்பார்கள். மருமகள் அன்றே ஒரு பாட்டிலைக் கைப்பையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது வரியில் முலேட்டி இருந்தது. ஆச்சி இப்போது சுக்குமல்லி நீரை இனிப்பில்லாமல் குடிக்கிறார். பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்கிறார்.